வேலை போன நண்பருக்கு முதல் மெசேஜ்: உங்களுக்கு வந்ததில் மனசில் நிற்கிறது எது?

வேளச்சேரிக்காரன்
எங்க டீம்ல ஆள் குறைச்சப்போ நடந்தது. காலையில எச்.ஆர். கூப்பிட்டு, சாயங்காலத்துக்குள்ள நீங்களே ரிசைன் பண்ணிடுங்கன்னாங்க. லேப்டாப்பைக் கொடுத்துட்டு வெளிய வந்து நிக்கறேன், காலேஜ் நண்பன் மெசேஜ். “கேள்விப்பட்டது நிஜமாடா? உன்னை மட்டுமா, மொத்த டீமுமா? ரேட்டிங் எப்படி இருந்துச்சு?”

அக்கறையிலதான் கேட்டான். ஆனா அந்த மூணு கேள்விக்கும் பதில் எழுதணும்னா, என் மேல தப்பில்லைன்னு நானே வாதாடணும். அந்த ரேட்டிங் கேள்வி இன்னும் உறுத்துது.

அன்னிக்கே இன்னொருத்தன் எழுதினான்: “மச்சி, விஷயம் தெரிஞ்சது. கஷ்டமா இருக்கு. பதில் போட வேணாம். சனிக்கிழமை ஆறு மணிக்கு உன் தெருமுனை டீக்கடையில இருப்பேன். வரத் தோணினா வா.” நான் போகல. அவனும் ஏன் வரலைன்னு கேக்கல. அடுத்த சனிக்கிழமை போனேன்.

டல்லாஸ் மீனா
எச்1பி விசால இருக்கறவங்களுக்கு எழுதும்போது இன்னும் கவனம் வேணும். என் வீட்டுக்காரருக்கு வேலை போன அன்னிக்கு ராத்திரி ஒரு குடும்ப நண்பர், “அப்போ ஊருக்கே திரும்பிடுவீங்களா? பொண்ணு ஸ்கூல் என்ன ஆகும்?”னு அனுப்பினார். அதைத்தான் நாங்க ரெண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லாம உக்காந்திருந்தோம். பொண்ணு என் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்துப் படிச்சிட்டா.

உதவினது முன்னாடி இதே மாதிரி வேலை போன ஒரு அக்கா. “வேற வேலை தேடிக்க விசாவுல இருக்கிற 60 நாள் கெடு, சேதி சொன்ன நாள்லருந்து இல்ல, வேலை முடியற நாள்லருந்து. பொதுவா கடைசியாச் சம்பளம் கணக்காகிற நாளைப் பாப்பாங்க. கடைசியில கொடுக்கற நஷ்டஈட்டுப் பணம் அதுல சேராது. லெட்டர்ல இருக்கிற தேதியை லாயர்கிட்ட காட்டிடுங்க. எங்க லாயர் நம்பர் கீழே.” ஆறுதல் வார்த்தை ஒண்ணுமே இல்ல. ஆனா அதைப் படிச்சப்புறம்தான் அவர் சாப்பிட்டார்.

ரவி_கோவை
இவ்வளவு யோசிக்கணுமா? நான் முதல் மெசேஜே “ரெஸ்யூம் அனுப்பு”ன்னுதான் போடுவேன். வந்ததும் எனக்குத் தெரிஞ்ச பத்து இடத்துக்குத் தள்ளிடுவேன். டீ குடிச்சா வேலை கிடைக்குமா?

தேர்வறை
ரவி சார், உதவணும்ங்கிறது சரி. தள்ளிவிடறதுதான் சிக்கல். நான் ஆள் எடுக்கிற வேலையில இருக்கேன். பல கம்பெனி சிஸ்டத்துல ஒருத்தர் பேர் யார் மூலமா முதல்ல ஏறுதோ, சில மாசத்துக்கு அவர் கணக்குலயேதான் நிக்கும். போன வருஷம் ஒரு டெஸ்டிங் லீட், நல்ல அனுபவசாலி. எங்க டீம் மேனேஜரே அவரைப் பரிந்துரைக்க வந்தார். பார்த்தா, அவரோட நண்பர் யாரோ ரெண்டு வாரம் முன்னாடியே ஒரு சப்போர்ட் வேலைக்கு அவர் பேரை ஏத்தி, அது நிராகரிப்பும் ஆகியிருக்கு. அவருக்கே தெரியாது. மேனேஜர் ரெஃபரல் ஏறவே இல்ல.

அதனால, முதல் நாள் ரெஸ்யூம் கேக்காதீங்க. நாலஞ்சு நாள் கழிச்சு இப்படி எழுதுங்க: “எங்க ஆபீஸ்ல சோழிங்கநல்லூர்ல டெஸ்டிங் லீட் ஒண்ணு திறந்திருக்கு. லிங்க் கீழே. உனக்குச் சரின்னா சொல்லு, உன் பேரைக் கொடுக்கறேன். ஏற்கெனவே வேற யார் மூலமாவது போட்டிருந்தா விட்டுடு.” எந்த வேலை, எந்த இடம், அவர் சம்மதம், மூணும் அதுல இருக்கணும். “ஏதாவது வேணும்னா சொல்லு”ங்கிறதை விட்டுடுங்க. என்ன வேணும்னு யோசிக்கிற பாரம் அவங்க தலையிலயே விழுது.

இன்னொண்ணு, காலேஜ் வாட்ஸப் குரூப்ல எழுதவே எழுதாதீங்க. பல பேர் வீட்டுலயே இன்னும் சொல்லியிருக்க மாட்டாங்க.

பனியன் ஊர்
எங்க பக்கம் ரெஸ்யூம், ரெஃபரல் எல்லாம் கிடையாது. ஆர்டர் இல்லைன்னு எங்க யூனிட்டை மூடிட்டாங்க. கட்டிங்ல கூட இருந்த அண்ணன் ஒண்ணும் எழுதல, ஜிபேல ஐயாயிரம் போட்டுவிட்டார். வாடகைக்கு ஆச்சு. ஆனா அவரை நேர்ல பார்க்க ரொம்ப நாள் கூச்சமா இருந்துச்சு. கேட்டுட்டுப் போட்டிருக்கலாமோ?

டல்லாஸ் மீனா
கேட்டிருந்தா வேணாம்னுதானே சொல்லியிருப்பீங்க, தம்பி?

பனியன் ஊர்
ஆமாக்கா, சொல்லியிருப்பேன். ஆனாலும் “அவசரமில்ல, மெதுவாக் கொடு”ன்னு ஒரு வரி எழுதியிருந்தா கடன்னு நினைச்சு நிம்மதியா வாங்கியிருப்பேன்.

ரவி_கோவை
தேர்வறை, பேர் நிக்கிற விஷயம் எனக்குத் தெரியாது. ஆனா சின்னக் கம்பெனிகள்ல அந்த மாதிரி சிஸ்டமே இல்ல, அங்கே சீக்கிரம் அனுப்பறவனுக்குத்தான் வேலை. நாலு நாள் காத்திருக்கறதை நான் இன்னும் ஒத்துக்கல.