புதுப்பிப்பு: மகளின் முதல் வயலின் கச்சேரி முடிந்தது

முன்பு கேட்டது: "வீட்டில் நன்றாக வாசிக்கிறாள். யாராவது எதிரே உட்கார்ந்தால் வில் நடுங்குகிறது. மேடையில் என்ன செய்வது?"

தோள்தாங்கியை மாற்றச் சொன்னவருக்கு நன்றி, ஆனால் பிடிப்பில் குறை இல்லை. "ஆழமாக மூச்சு விடு" என்றவர் சொன்னது பாதி சரி. வேகவேகமாக ஆழமாக இழுத்ததில் அவளுக்குத் தலை லேசாகி, விரல் நுனி மரத்தது. பிறகு நாலு எண்ணி மெதுவாக உள்ளே, ஆறு எண்ணி வெளியே என்று மாற்றினோம். வெளிமூச்சு நீண்டதும் தோள் தானாக இறங்கியது.

உண்மையில் காப்பாற்றியது இங்கே ஒரு வயலின் ஆசிரியை சொன்ன வழி. பாட்டில் ஐந்து இடங்களைக் குறித்து, எந்த எண்ணைச் சொன்னாலும் அங்கிருந்து தொடங்கப் பழக வேண்டும். மாடிப்படி ஏறி இறங்கி, நெஞ்சு படபடக்கும்போதே முதல் வரியை வாசிக்க வேண்டும். இரவில் கண்மூடி, மேடைக்கு நடப்பது முதல் கடைசி ஸ்வரம் வரை அதே வேகத்தில் மனதில் ஓட்ட வேண்டும். நடுவில் ஒரு பிழை வந்து, நிற்காமல் கடப்பதையும் சேர்த்து.

மேடையில் முதல் நீண்ட ஸ்வரத்தில் வில் நடுங்கத்தான் செய்தது. இரண்டாம் பகுதியில் நினைவு தப்பியதும், தொடக்கத்துக்குத் திரும்பாமல் மூன்றாம் இடத்துக்குத் தாவிவிட்டாள். எனக்கு அவ்வளவு பெருமை!

விரல் சில்லிடுவது மட்டும் இன்னும் போகவில்லை. கையுறை போட்டுக் காத்திருப்பது உதவுமா, அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.