மண் குதிரையா, மண் குதிரா?

தமிழாசிரியை: நட்பு பற்றிய கட்டுரையில் ஒரு மாணவி ‘மண் குதிரை நம்பி ஆற்றில் இறங்காதே’ என்று எழுதியிருந்தாள். ‘குதிரையை’ என்று திருத்தினேன். “இல்ல டீச்சர், அது குதிர், மணல்மேடு” என்று வாட்ஸ்அப்பில் வந்ததைக் காட்டுகிறாள். இன்னொருத்தி ‘யாதும் ஊரே யாவரும் கேளீர்’ என்று எழுதியிருக்கிறாள். எதற்கு மதிப்பெண் குறைப்பது? எதைப் பார்த்து முடிவு செய்வது?

வேல்முருகன்: முதல் மாணவி சொன்னதுதான் சரி டீச்சர். மண்ணால் செய்த குதிரையில் ஏறி ஆற்றைக் கடக்க எவன் நினைப்பான்? குதிர் என்பது ஆற்றின் நடுவே நீர் குவித்துவைத்த மணல்மேடு. கெட்டியாகத் தெரியும், கால் வைத்தால் சரியும். குதிர் + ஐ = குதிரை. அதை மிருகம் என்று நினைத்து யாரோ இன்னொரு ‘யை’ சேர்த்துவிட்டார்கள். ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ என்பது ‘பேரை’ ஆனதும் இப்படித்தான்.

காவிரிக்கரை: எங்கள் தாத்தா வீட்டுக் கூடத்தில் குதிர் இருந்தது. களிமண்ணும் வைக்கோலும் குழைத்து உறை உறையாக அடுக்கியது, ஆள் உயரத்துக்கு மேல். மேலே நெல்லைக் கொட்டி, அடியில் இருக்கும் ஓட்டையில் துணியை உருவி எடுப்போம். மணல்மேட்டைக் குதிர் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. திட்டு என்போம்.

மெய்ப்புப் பார்ப்பவன்: ‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்ற பழமொழியில் வருவதும் அந்த நெற்குதிர்தான். வேல்முருகன் சொன்ன புணர்ச்சியில் பிழை இல்லை. குதிர் ‘ஐ’ ஏற்றால் குதிரை என்றுதான் வரும். ஆனால் இலக்கணம் இடம் கொடுப்பதால் மட்டும் பழமொழி அப்படித்தான் இருந்தது என்று ஆகிவிடாது. மண் குதிரையும் பொருளற்றதல்ல. ஐயனார் கோயில் வாசலில் வேளார் செய்துவைத்த குதிரைகளைப் பாருங்கள். சேணம், கடிவாளம் எல்லாம் இருக்கும், ஆளைவிட உயரமாக நிற்கும். பார்க்கக் குதிரை, ஏறினால் மண். யாரும் செய்யமாட்டாத செயல் என்பதால்தான் அது எச்சரிக்கையாகிறது.

டீச்சர், நான் சரிபார்க்கும் முறை இது. முதலில், அந்த வரிக்கு மூலநூல் உண்டா என்று பார்ப்பேன். ‘யாதும் ஊரே’ புறநானூறு 192, கணியன் பூங்குன்றனார் பாட்டு. பதிப்பைத் திறந்தால் ‘கேளிர்’ என்று இருக்கும், உறவினர் என்று பொருள். ‘கேளீர்’ என்று நீட்டினால் ‘கேளுங்கள்’ என்று ஆகிவிடும். எழுத்து ஒன்று, பொருள் முழுக்க வேறு. அது பிழைதான், தயங்காமல் திருத்துங்கள். கொன்றை வேந்தன், குறள் வரிகளுக்கும் இதே வழி.

மூலநூல் இல்லாத வாய்மொழி என்றால் பழைய அச்சுத் தொகுப்புதான் துணை. பெர்சிவல் பாதிரியார் 1874-இல் வெளியிட்டதில் 6,000-க்கு மேல் பழமொழிகள் உண்டு, அகரவரிசையில். ஜென்சனின் தொகுப்பு 1897. வேல்முருகன் ‘வேரை’ என்கிற பழமொழி 19-ஆம் நூற்றாண்டிலேயே ‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்றுதான் அச்சாகியிருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: அகரவரிசையில் முதற்சொல் மாறிய வடிவம் கண்ணில் படாது. இரண்டு மூன்று தொடக்கங்களில் தேடுங்கள்.

வேல்முருகன்: பாதிரியார் கேட்டு எழுதியதே வேதமா? அவர் காதில் விழுந்ததற்கு முன்பே மக்கள் வாயில் திரிந்திருக்கலாமே.

மெய்ப்புப் பார்ப்பவன்: திரிந்திருக்கலாம். அச்சில் இல்லாததால் ஒரு வடிவம் இருந்ததே இல்லை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் வடிவம் எங்கே வந்தாலும் ‘உண்மையான பொருள் இதுதான்’ என்ற விளக்கத்தோடு சேர்ந்தேதான் வருகிறது. விளக்கம் இல்லாமல், பேச்சோடு பேச்சாக ஒருவர் ‘மண் குதிரை நம்பி’ என்று சொன்ன இடம் ஒன்றைக் காட்டுங்கள். பழைய கதையிலோ கடிதத்திலோ ஒன்று கிடைத்தால்கூட நான் யோசிப்பேன்.

மதுரை மாணவன்: எனக்கு எட்டாம் வகுப்பில் ‘எல்லோரும் கேளுங்கள்’ என்று பொருள் சொல்லித்தான் அந்த வரியை நடத்தினார்கள். பேச்சுப் போட்டியில் அப்படியே முழங்கிப் பரிசும் வாங்கினேன். மனசு கஷ்டமாக இருக்கிறது. அப்படியானால் பழமொழியைக் கட்டுரையில் எழுதாமல் விட்டுவிடுவதே நல்லதா?

தமிழாசிரியை: எழுதத்தான் வேண்டும் தம்பி, பார்த்து எழுத வேண்டும். ‘கேளீர்’ எழுதியவளுக்கு அரை மதிப்பெண் குறைத்துவிட்டு, புறநானூற்றுப் பக்கத்தை நாளை கையில் கொடுக்கிறேன். குதிர் எழுதியவளுக்குக் குறைக்க மனம் வரவில்லை. அவள் தேடியிருக்கிறாள், தேடிய இடம்தான் சரியில்லை.

வேல்முருகன்: அவளுக்குக் குறைக்காதீர்கள் டீச்சர். அந்தப் பழைய கடிதத்தை நான் தேடுகிறேன்.

காவிரிக்கரை: எங்கள் அத்தை ‘இறங்காதே’ என்று சொன்னதே இல்லை. ‘மண் குதிரைய நம்பி ஆத்துல எறங்கலாமா?’ என்று கேள்வியாகத்தான் கேட்பார். அது எந்தக் கணக்கில் வரும்?