வெயிலா, வெப்பமா, புழுக்கமா: பத்து நாள் பழகலுக்கு ஒரு சொல்

தெஹிவளையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

நண்பர்களுக்கு வணக்கம். நுவரெலியா, ஹட்டன் பக்கப் பாடசாலை ஓட்டக்காரர்கள் சுகததாச விளையாட்டரங்கில் ஓடுவதற்குப் பத்து நாள் முன்னதாகவே கொழும்புக்கு இறங்கி உடம்பைப் பழக்குவது பற்றி ஒரு கைந்நூலைத் தமிழாக்குகிறேன். தலைப்புச் சொல்லிலேயே நின்றுவிட்டேன்.

முதலில் 'வெப்ப இசைவாக்கம்' என்று எழுதினேன். ஆனால் நம் பாடநூல்களில் இசைவாக்கம் என்றால் கள்ளியின் முள்ளும் ஒட்டகத்தின் திமிலும்தான். தலைமுறை தலைமுறையாக வருவது. தமிழ்நாட்டு நண்பர்கள் சொல்லும் 'தகவமைப்பு' என்பதிலும் அதே சிக்கல். இங்கே நடப்பது ஒரு பிள்ளையின் உடம்பில் பத்து நாளில் வந்து, சில வாரங்களில் போய்விடும் மாற்றம்.

பிறகு 'வெயில் பழக்கம்' என்று வைத்தேன். அந்தப் படியைப் பார்த்த ஒரு பயிற்சியாளர் பிள்ளைகளை உச்சிவெயிலில் மைதானத்தில் வரிசையாக நிற்க வைத்துவிட்டார். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தது. பிழை என் சொல்லில்தான் என்று நினைக்கிறேன்.

மட்டக்குளியிலிருந்து, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

இதற்கு 'உரமேற்றல்' என்ற நல்ல சொல் இருக்கிறதே, தங்கச்சி. எங்கள் காலத்தில் மலைநாட்டுப் பிள்ளைகளுக்குப் போட்டிக்கு முன் தடித்த மேற்சட்டை போட்டு ஓடவிடுவோம். நடுவில் தண்ணீர் கிடையாது. தாகத்தைத் தாங்கிப் பழகினால் கொழும்பு வெயில் ஒன்றும் செய்யாது.

பம்பலப்பிட்டியிலிருந்து, விளையாட்டு மருத்துவர்:

மாஸ்டர் சொன்னதில் பாதி சரி. குளிர்ந்த ஊரில் கூடுதலாக உடுத்து ஓடினால் உடம்பின் உட்சூடு ஏறும். பழகலைத் தொடக்கிவைப்பதே அந்த ஏற்றம்தான். தண்ணீரை மறுப்பது மட்டும் ஆபத்து. தாகத்துக்கு உடம்பு பழகுவதில்லை. இரத்தத்தின் அளவு குறைந்து இதயம் திணறும், அவ்வளவுதான்.

வெயிலில் நிற்க வைப்பதும் பயனில்லை. சூட்டில் ஓடி, உட்சூட்டை ஏறத்தாழ 38.5 பாகைக்குக் கொண்டுவந்து, சிறிது நேரம் அங்கேயே வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் போதும்.

என்னிடம் வந்த ஒரு 5000 மீற்றர் ஓட்டக்காரியின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதுகிறேன். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கிருந்து இறங்கியதும் காற்று தாராளம், மூச்சு இலகு, கால் தானாகப் பறக்கும். பொறி அதுதான். முதல் நாள் மெதுவாக ஓடச் சொன்னேன், கேட்கவில்லை. ஊரில் நிமிடத்துக்கு 148 துடிப்பில் ஓடும் அதே வேகத்தில் இங்கே 172. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் நிறுத்ததில் 800 கிராம் குறைந்திருந்தது. கறுப்புப் பனியனில் உப்புக் கோடுகள் வரைபடம் போலக் காய்ந்திருந்தன.

ஐந்தாம் நாள் துடிப்பு 160. பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, முதல் சில நாட்களிலேயே கூடிவிடுவதால் வந்த இறக்கம் இது. வியர்வை மாற்றம் பின்னால்தான் வரும். பத்தாம் நாள் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்திலேயே வியர்த்தாள், ஒரு மணி நேரத்தில் 1.2 கிலோ குறைந்தாள், ஆனால் பனியனில் உப்புக் கோடு மங்கியிருந்தது. வியர்வைச் சுரப்பி உப்பைத் திரும்ப எடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. துடிப்பு 154. மலையின் 148க்கு அது திரும்பவில்லை. இந்த ஈரக்காற்றில் நான் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆகவே சொல்லில் 'பழகு' இருக்கட்டும். 'வெப்பப் பழகல்' என்பது என் விருப்பம். 'உரம்' வேண்டாம், மாஸ்டர். தோட்டப்பக்கம் 'உரமேற்றல்' என்றால் தேயிலைக்குப் போடுவது என்றுதான் நினைப்பார்கள்.

வெள்ளவத்தையிலிருந்து, ஓர் அம்மா:

என் மகனுக்கும் சரியான உடற்சூடு, டொக்டர். கண் எரிவு, வாய்ப்புண். வெந்தயம் ஊறவைத்துக் கொடுக்கிறேன், தினமும் செவ்விளநீரும் கொடுக்கிறேன். ஓடும் பிள்ளைகளுக்கும் அதையே கொடுத்தால் பத்து நாள் எதற்கு?

பம்பலப்பிட்டியிலிருந்து, விளையாட்டு மருத்துவர்:

அம்மா, நாங்கள் பேசுவது வேறு சூடு. ஆனால் செவ்விளநீரைச் சொன்னது நல்லதாகப் போயிற்று, எல்லாப் பயிற்சியாளரும் அதைத்தான் கொடுக்கிறார்கள். அதில் பொற்றாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். முதல் நாட்களில் அதனுடன் உப்புள்ள உணவும் வேண்டும்; கஞ்சியில் உப்பைச் சற்றுக் கூட்டினாலே போதும். குறைந்த எடையைவிடக் கூடுதலாக வெறும் தண்ணீரைக் குடித்துத் தள்ளுவதும் ஆபத்து, இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும்.

ஹட்டனிலிருந்து, ஆசிரியை:

டொக்டர், பத்து நாளுக்கு விடுதிக் காசு யார் தருவார்? எங்களுக்கு நான்கு நாள்தான் கிடைக்கும். போன முறை கொடுத்த அறையில் குளிரூட்டி இருந்தது. அதில் தூங்கினால் பழகியது எல்லாம் போய்விடுமா?

பம்பலப்பிட்டியிலிருந்து, விளையாட்டு மருத்துவர்:

இரவில் குளிரூட்டி இருக்கட்டும், டீச்சர். தூக்கம் கெட்டால்தான் நட்டம். பகல் முழுவதும் அதற்குள்ளேயே கிடந்தால் மட்டும் பழகல் நடக்காது. நான்கு நாளில் துடிப்பு இறங்கத் தொடங்கும், வியர்வை முழுமையாக மாறாது.

ஊரிலேயே முன்கூட்டித் தொடங்க ஒரு வழி உண்டு. மாலை ஓட்டம் முடிந்த கையோடு, உடம்பு ஆறுவதற்குள், 40 பாகைத் தண்ணீரில் கழுத்தளவு உட்கார வேண்டும். இருபது நிமிடத்தில் தொடங்கி நாற்பது வரை கூட்டலாம், அடுத்தடுத்து ஆறு நாள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். எழும்போது தலை சுற்றும். வெப்பமானி இல்லாமல் கையால் பார்த்துச் சூடு வைக்கவும் வேண்டாம்.

எத்தனை நாள் பழகினாலும் ஓடும் பிள்ளை தடுமாறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, உடனே ஓட்டத்தை நிறுத்தி அந்த இடத்திலேயே ஐஸ் தண்ணீரில் அமிழ்த்துங்கள். வண்டி தேடுவது அதற்குப் பிறகு.

தெஹிவளையிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

'வெப்பப் பழகல்' என்று வைத்துப் பார்த்தேன். 'வெப்பம் பழகிய வீரர்', 'பழகல் நாட்கள்', ஊருக்குத் திரும்பியபின் வருவதற்குப் 'பழகல் தேய்வு'. எல்லாம் வளைந்து கொடுக்கிறது. ஆனால் கொழும்பில் வியர்வை காயாமல் சொட்டுகிறது, அதைத் தமிழில் வெப்பம் என்றா சொல்வோம்? புழுக்கம் அல்லவா? 'புழுக்கப் பழகல்' என்றால் என்ன?

பம்பலப்பிட்டியிலிருந்து, விளையாட்டு மருத்துவர்:

கொழும்புக்கு அது பொருந்தும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிர்விக்காது, ஆவியாகும் வியர்வைதான் குளிர்விக்கும். ஆனால் இதே பிள்ளை நாளை வறண்ட பாலைவன ஊருக்குப் போனால்? பொதுச்சொல் வெப்பமாக இருக்கட்டும், புழுக்கம் அதன் ஒரு வகையாக இருக்கட்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. போட்டி ஊருக்கே போய்ப் பழகுவதும், சூடேற்றிய அறைக்குள் பழகுவதும் ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள். 'இடப் பழகல்', 'அறைப் பழகல்' என்று பிரிக்கலாமா?

மட்டக்குளியிலிருந்து, ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:

தண்ணீர் விஷயத்தில் டொக்டர் சொல்வதை ஏற்கிறேன். சொல் விஷயத்தில் இல்லை. பழகல் என்றால் அயலவரோடு பழகுவது போல இருக்கிறது.

ஹட்டனிலிருந்து, ஆசிரியை:

அயலவரோடு பழகுவதும் பத்து நாள் வேலைதானே, சேர். அறைப் பழகல் எங்களுக்கு எட்டாத கதை. நாங்கள் பீப்பாயில் தண்ணீர் காய்ச்சுகிறோம், அதற்கும் ஒரு பெயர் யோசியுங்கள். போன முறை நான்காம் நாள் ஓடிவிட்டு வந்த பிள்ளையிடம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கொழும்பு பழகிவிட்டது டீச்சர்" என்றாள். பனியன் முழுக்க உப்பு.