வாஷிங் மெஷினைத் தொட்டால் சுருக்கென்கிறது, இ.எல்.சி.பி. விழவில்லை

கித்தாக்காடு:
சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து லைன் வீடு. கொல்லைப்புறத்தில் சிமெண்டுத் தரை, அங்கேதான் வாஷிங் மெஷின். ஈரக் கையோடு அம்மா மூடியைத் தொட்டால் கையை உதறுகிறார். கரண்ட் கசிந்தால் லைனை வெட்ட வேண்டிய இ.எல்.சி.பி. விழவே இல்லை. அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கினால் டக்கென்று விழுகிறது. அப்படியென்றால் எர்த் சரியாகத்தானே இருக்கிறது? மெஷினை மாற்றணுமா?

பாட்டாளி:
தம்பி, அம்மாவுக்கு ஒரு நல்ல ரப்பர் சிலிப்பர் வாங்கிக் கொடுங்க. எங்க வீட்டிலும் இப்படித்தான் இருந்தது. சிலிப்பர் போட்டதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

ஓய்வு ஒயர்மேன்:
அண்ணே, சிலிப்பர் காய்ந்திருக்கும்வரைதான் அந்தப் பேச்சு. துணி துவைக்கிற இடத்தில் அது எத்தனை நிமிஷம் காய்ந்திருக்கும்? ஒரு கை மெஷின்மேல், இன்னொரு கை பைப்பில் இருந்தால் கரண்ட் காலுக்கே போகாது, நெஞ்சுக்குக் குறுக்கே போய்விடும்.

தம்பி, முதலில் பிளக்கைக் கழற்றி வையுங்க. டெஸ்ட் பட்டன் விழுவதால் எர்த் சரி என்று ஆகாது. அந்தப் பட்டன் பெட்டிக்குள்ளேயே ஒரு சின்ன ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் கரண்டைத் திருப்பி விட்டு, இயந்திரம் விழுகிறதா என்று மட்டும் பார்க்கும். உங்கள் எர்த் ஒயரை யாராவது வெட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தாலும் பட்டன் விழும். பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு 'எல்லாம் ஓகே' என்று போன பல வீடுகளில் எர்த் ராடையே மண்ணுக்குள் தேட வேண்டியிருந்தது.

பிறை மெயின்டெனன்ஸ்:
நான் பேக்டரியில் மெயின்டெனன்ஸ் வேலை. என்னைக் கேட்டால் இ.எல்.சி.பி. இரண்டாம்பட்சம்தான், எர்த் ஒயர்தான் முக்கியம். எர்த் நன்றாக இருந்தால் லைவ் பாடியில் பட்ட அந்த நொடியே பெரிய கரண்ட் ஓடும், பிளக்கில் இருக்கிற 13 ஆம்பியர் பியூஸ் போய்விடும். எங்கள் பேக்டரியில் கண்ணால் பார்த்திருக்கிறேன், எம்.சி.பி. வெடித்த மாதிரி விழும். அப்புறம் இன்னொன்று. புது மெஷின்களில் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டுகிற ஒரு பில்டர் இருக்கும், எர்த் இல்லையென்றால் அதிலிருந்தே இந்தச் சுருக் வரும். பயப்படத் தேவையில்லை.

ஓய்வு ஒயர்மேன்:
தம்பி, உங்கள் பேக்டரியில் அது உண்மைதான். அங்கே சொந்த டிரான்ஸ்ஃபார்மர், எர்த் ஒயர் செம்புக் கம்பியாகவே திரும்பி நியூட்ரலுக்குப் போய்ச் சேரும். வழியில் மொத்தம் அரை ஓம் என்று வைத்தால் 460 ஆம்பியர் ஓடும். பியூஸ் ஏன் போகாது?

தோட்டத்து வீட்டில் எர்த் ஒயர் சுவரோரம் அடித்த ராடோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கரண்ட் மண் வழியாகத்தான் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். ஒரு கணக்குப் போடுவோம். வீட்டு ராட் 18 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து எர்த் 2 ஓம். மெஷினுக்குள் லைவ் ஒயர் நேராகப் பாடியில் முட்டிவிட்டது. 230 ÷ 20 = 11.5 ஆம்பியர். 13 ஆம்பியர் பியூஸ் அதைச் சும்மா தாங்கிக்கொண்டு நிற்கும், 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் அசையாது. மெஷின் பாடியில் 11.5 × 18 = 207 வோல்ட் நிற்கும், யாராவது வந்து நிறுத்தும் வரை.

ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஆளுக்கு உடம்பும் தரையும் சேர்த்து 1500 ஓம் என்று வைப்போம். எர்த்தே இல்லாத வீட்டில் அவர் வழியாக 153 மில்லி ஆம்பியர் போகும். எர்த் மட்டும் இருந்து இ.எல்.சி.பி. இல்லாத வீட்டில் 138. பெரிய வித்தியாசமா இது? அதோடு, எர்த்தில் சேர்ந்த பிரிட்ஜ், ரைஸ் குக்கர் எல்லாவற்றின் பாடியிலும் அதே 207 வந்து உட்காரும்.

கடைக்கார அக்கா:
இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. கடைத்தெருவில் எனக்கு மளிகைக் கடை. மழைக்காலத்தில் ஒவ்வொரு இடிக்கும் இ.எல்.சி.பி. விழும். ராத்திரி விழுந்தால் ப்ரீசரில் இருக்கிற மீன், கோழி எல்லாம் காலையில் நாறிப் போயிருக்கும். இரண்டு தடவை நட்டம் ஆனதும், ஒயரிங் செய்ய வந்தவர் இ.எல்.சி.பி.யைச் சுற்றி நேராக ஒயர் கொடுத்துவிட்டார். 'எர்த் இருக்கிறதே அக்கா, ஒன்றும் ஆகாது' என்றார். அதாவது நான் இப்போது அந்த 138 கணக்கில் இருக்கிறேனா?

ஓய்வு ஒயர்மேன்:
ஆமாம் தங்கச்சி, அந்தக் கணக்கில்தான் இருக்கிறீர்கள். நாளைக்கே திரும்ப மாட்டச் சொல்லுங்கள். ப்ரீசருக்கு மட்டும் தனி லைன் இழுத்து, அதற்கென்று தனி இ.எல்.சி.பி. போட்டால், கடையில் வேறு ஒன்று கசிந்து விழும்போது மீன் தப்பும். இடிக்குச் சர்ஜ் அரெஸ்டரும் போடலாம், எளிதில் விழாத ரகமும் கிடைக்கிறது. ஆனால் இடியே விழவைக்காது என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

பிறை மெயின்டெனன்ஸ்:
சரி, டிரான்ஸ்ஃபார்மர் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், அந்தப் பக்கம் நான் யோசிக்கவில்லை. ஆனால் அப்படியென்றால் எர்த் எதற்கு? இ.எல்.சி.பி. ஒன்றே போதுமே. ஆள் தொட்டால் 153 மில்லி அவர் வழியாகக் கசியும், அது பார்த்து விழுந்துவிடும்.

ஓய்வு ஒயர்மேன்:
விழும். ஆனால் ஆள் தொட்ட பிறகுதானே? அந்த 153 மில்லியை இ.எல்.சி.பி. துளியும் குறைப்பதில்லை, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதைத்தான் குறைக்கிறது. 30 மில்லி கசிந்தால் விழுகிற ரகமாக இருந்தால் 0.04 நொடிக்குள் வெட்டிவிடும், பெரும்பாலும் ஆள் பிழைப்பார். பழைய வீடுகளில் மெயினில் இருப்பது 100 மில்லி. அதற்கு 153 என்பது கொஞ்சம்தான் அதிகம், 0.3 நொடி வரைகூட எடுத்துக்கொள்ளலாம். இதயம் சும்மா இருக்கிற நேரம் இல்லை அது. எர்த் ஒயர் இருந்தால், ஆள் தொடவே வேண்டாம். பால்ட் ஆன கணமே 11.5 ஆம்பியர் ராடுக்கு ஓடும், இ.எல்.சி.பி. அப்போதே விழும். அம்மா கொல்லைக்கு வருவதற்குள் மெஷின் செத்திருக்கும்.

அதைவிட மோசம் பாதிக் கசிவு. மோட்டார் காயிலிலோ ஹீட்டரிலோ ஈரம் ஏறி, லைவுக்கும் பாடிக்கும் நடுவில் 11,500 ஓம் மட்டும் மிச்சம் என்று வையுங்கள். எர்த் இல்லை. ஆள் தொட்டால் 230 ÷ 13,000, கிட்டத்தட்ட 18 மில்லி. 10 மில்லியைத் தாண்டினாலே பலருக்குப் பிடித்த கையை விட முடியாது, தசை இறுகிவிடும். 100 மில்லி இ.எல்.சி.பி.க்கு இந்த 18 கண்ணிலேயே படாது. 30 மில்லி ரகம்கூட விழலாம், விழாமலும் இருக்கலாம். ஆள் அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்பார்.

அதே கசிவில் எர்த் ஒயர் நன்றாக இருந்தால்? 20 மில்லி முழுவதும் ராடுக்குப் போகும், பாடியில் அரை வோல்ட்கூட இருக்காது, தொட்டால் ஒன்றுமே தெரியாது. ஈரம் படுகிற இடத்துக்கு மலேசியச் சட்டம் 10 மில்லி இ.எல்.சி.பி. கேட்பது, எர்த் இல்லாதபோது வருகிற அந்த 18 மில்லிக்காகத்தான். வாட்டர் ஹீட்டருக்குத் தனியாக ஒன்று மாட்டுகிறார்களே, அது.

பில்டர் கதையும் பொய் இல்லை. ஆனால் அதில் வருவது ஒரு மில்லிக்கும் கீழே, விரல் கூசும், அவ்வளவுதான். அம்மா கையை உதறுகிறார் என்றால் நான் அதை நம்ப மாட்டேன். மெஷினைக் கழற்றி வைத்து, பிளக்கின் லைவ், நியூட்ரல் இரண்டு பின்னையும் சேர்த்துப் பிடித்து எர்த் பின்னுக்கு 500 வோல்ட் இன்சுலேஷன் மீட்டர் வைக்கச் சொல்லுங்கள். டிசி என்பதால் பில்டர் அதை ஏமாற்றாது. ஒரு மெகா ஓமுக்கு மேல் வர வேண்டும். சாக்கெட் எர்த்தையும் ராடையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். லைசென்ஸ் உள்ள ஒயர்மேனாகப் பாருங்கள்.

கித்தாக்காடு:
ஒயர்மேன் வந்து போனார். மெஷின் 0.04 மெகா ஓம். சாக்கெட் பிளேட்டைக் கழற்றினார், பச்சை மஞ்சள் ஒயர் ஸ்குருவில் இல்லை, சுருட்டி உள்ளே திணித்து வைத்திருந்தது. நுனியில் செம்பு பளபளவென்று இருக்கிறது, ஒருநாளும் மாட்டியதே இல்லைபோல. ராட் கிளாம்ப் பச்சைப் பாசி பிடித்துக் கையால் அசைத்தால் ஆடுகிறது. அதைத் தேய்த்து இறுக்கிய பிறகு 22 ஓம்.

ஓய்வு ஒயர்மேன்:
0.04 மெகா என்றால் 40,000 ஓம். அம்மா வழியாக ஐந்தரை மில்லி போயிருக்கிறது. கை உதறல் சரியாகப் பொருந்துகிறது. இன்னும் கொஞ்சம் ஈரம் ஏறியிருந்தால் நான் சொன்ன 18-ஐத் தொட்டிருக்கும். மெஷினை உடனே தூக்கிப் போட வேண்டாம், எந்தப் பாகம் கசிகிறது என்று ரிப்பேர்காரர் தனித்தனியாகக் கழற்றி அளக்கட்டும். பெரும்பாலும் ஹீட்டரோ வடிகால் பம்போ ஒன்றை மாற்றினால் தீர்ந்துவிடும். கொல்லைக்கு 10 மில்லி இ.எல்.சி.பி. தனியாகப் போடுங்கள்.

பிறை மெயின்டெனன்ஸ்:
மெஷினுக்கு 10 மில்லி போட்டால் பில்டர் கசிவும் மோட்டார் கசிவும் சேர்ந்து அடிக்கடி விழுமே. நான் 30 போதும் என்பேன். எர்த்தான் இப்போது சரியாகிவிட்டதே.

ஓய்வு ஒயர்மேன்:
நல்ல மெஷின் அத்தனை கசியாது. அது அடிக்கடி விழுந்தால் மெஷினைத்தான் பார்க்கணும். அந்த எர்த் மறுபடி எப்போது கழன்றாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை, நான் 10-ஐ விட மாட்டேன்.

கித்தாக்காடு:
அண்ணே, ஒன்று மறந்துவிட்டேன். எங்கள் ராடில் இரண்டு ஒயர் இருக்கிறது. ஒன்று எங்கள் வீட்டுக்கு, இன்னொன்று சுவருக்கு அந்தப் பக்கம் போகிறது. பக்கத்து வீட்டு மெயின் பாக்ஸில் இ.எல்.சி.பி.யே இல்லை, வெறும் பழைய பியூஸ்தான். அவர்கள் வீட்டில் பால்ட் ஆனால் எங்கள் இ.எல்.சி.பி. விழுந்து காப்பாற்றுமா?

ஓய்வு ஒயர்மேன்:
காப்பாற்றாது தம்பி. அவர்கள் பிரிட்ஜில் லைவ் முட்டினால் கரண்ட் அவர்கள் மீட்டர் வழியாக வந்து, அவர்கள் எர்த் ஒயரில் இறங்கி, உங்கள் ராடில் போகும். ராடில் இருக்கிற வோல்ட் அப்படியே உங்கள் எர்த் ஒயரில் ஏறி உங்கள் மெஷின் பாடிக்கு வரும். அம்மா தொட்டால் அந்தக் கரண்ட் உங்கள் இ.எல்.சி.பி. வழியாக வந்ததே இல்லை, போய்த் திரும்புகிற கணக்கில் அதற்கு எந்தக் குறையும் தெரியாது. அது விழாது. அந்த இரண்டாவது ஒயரை நீங்களாகக் கழற்றிவிடாதீர்கள், அவர்கள் வீட்டில் அப்புறம் எர்த்தே இருக்காது. இன்றைக்கே அவர்களிடம் போய்ப் பேசுங்கள்.