பெயின்ட் எத்தனை லீற்றர், கூலி எவ்வளவு? வீட்டுச் சுவருக்குக் கணக்குப் போட்டவர்களின் அனுபவப் பகிர்வு

ஹட்டனிலிருந்து

எங்கள் வீட்டின் உட்சுவர்களுக்கு இரண்டு பூச்சு எமல்ஷன் அடிப்பதற்காக இரண்டு பாஸ்மாரிடம் விலை கேட்டேன். ஒருவர் 17 லீற்றர் போதும் என்கிறார். மற்றவரோ 22 லீற்றருக்குக் குறைந்தால் வேலை முடியாது என்கிறார். இருவரும் ஒரே சுவரைத்தான் பார்த்தார்கள் என்பதால், அளவுகளை நானே எடுத்து இங்கே வைக்கிறேன். ஹோல் 14 அடிக்கு 12 அடி, இரண்டு அறைகள் ஒவ்வொன்றும் 10 அடிக்கு 10 அடி, சுவர் உயரம் 9 அடி. ஹோலின் சுற்றளவு 52 அடி என்பதால் அதன் சுவர் 468 சதுர அடி. அறைகள் இரண்டும் சேர்ந்து 720. மொத்தம் 1,188 சதுர அடி. இதில் ஹோல் பக்கமாக நான்கும் அறைகளின் பக்கமாக இரண்டுமாக ஆறு கதவுகளுக்கு 126 சதுர அடியும், நான்கு ஜன்னல்களுக்கு 64 சதுர அடியும் கழித்தால் 998 வருகிறது. சீலிங் இந்தக் கணக்கில் இல்லை. பெயின்ட் டின்னில் லீற்றருக்கு 120 சதுர அடி என்று போட்டிருக்கிறது. இதே போலக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதுளையிலிருந்து

இவ்வளவு அளக்கத் தேவையில்லை என்பது என் அனுபவம். தரையின் பரப்பை மூன்றரையால் பெருக்கினால் சுவரின் பரப்பு கிடைத்துவிடும். எங்கள் வீட்டுக்கு அப்படித்தான் பார்த்தோம், பெயின்ட் சரியாக இருந்தது. உங்கள் மூன்று இடங்களின் தரையும் சேர்ந்து 368 சதுர அடி. அதை மூன்றரையால் பெருக்கினால் 1,288. அந்த அளவுக்கு வாங்கிவிட்டால் குறையே வராது.

பண்டாரவளையிலிருந்து

நான் நீண்ட காலமாக வீடுகளுக்குப் பெயின்ட் ஒப்பந்தம் எடுத்துச் செய்கிறவன். மூன்றரை என்ற பெருக்கல் முழு வீட்டுக்கும் சராசரியாக ஓரளவு ஒத்துவரலாம். தனித்தனி அறைக்கு ஒத்துவராது. அண்ணனின் ஹோலையே எடுத்தால் தரை 168, சுவர் 468. அது மூன்று மடங்கைக்கூட எட்டவில்லை. 6 அடிக்கு 8 அடி உள்ள ஒரு சிறிய அறையில் தரை 48 சதுர அடிதான், சுவரோ 252. அது ஐந்து மடங்கைத் தாண்டுகிறது. அறை சிறுக்கச் சிறுக்கத் தரையைவிடச் சுவர் கூடிக்கொண்டே போகும் என்பதால், அளவு நாடாவை எடுப்பதே நல்லது.

இனி லீற்றருக்கு வருகிறேன். டின்னில் உள்ள 120 என்பது பிரைமர் அடித்து மெழுகிய, வழவழப்பான சுவரில் ஒரு பூச்சுக்கு உரியது. அதை அப்படியே எடுத்து இரண்டு பூச்சுக்கு 1,996 சதுர அடியை வகுத்தால் 16.6 லீற்றர் வரும். முதல் பாஸ் சொன்ன 17 அங்கிருந்துதான் வந்திருக்கும். ஆனால் சொரசொரப்பான சீமெந்துப் பூச்சுள்ள, முன்பு ஒழுங்காகப் பிரைமர் காணாத சுவர், முதல் பூச்சைக் குடித்துவிடும். அப்படிப்பட்ட சுவர்களில் முதல் பூச்சுக்கு லீற்றருக்கு 80, இரண்டாவது பூச்சுக்கு 110 என்றே நான் பிடிக்கிறேன். அண்ணனின் சுவரில் முதல் பூச்சுக்கு 12.5 லீற்றரும் இரண்டாவது பூச்சுக்கு 9.1 லீற்றரும் ஆகி, மொத்தம் 21.6 லீற்றர் வருகிறது.

என் சொல்லை நம்பி வாங்க வேண்டாம், சுவரிடமே கேளுங்கள். முதலில் ஒரு லீற்றர் டின் மட்டும் வாங்குங்கள். சுவரில் 8 அடிக்கு 5 அடியாகக் கட்டம் கட்டிப் பென்சிலால் கோடு போட்டால் 40 சதுர அடி ஆகும். ரோலரை முன்கூட்டியே நனைத்துப் பிழிந்து, கொஞ்சம் பெயின்டில் உருட்டி வைத்துக்கொள்ளுங்கள். புதிய ரோலரின் பஞ்சு நிறையப் பெயின்டை இழுத்து வைத்துக்கொள்வதால், அதைக் கணக்கில் சேர்த்தால் சுவர் அதிகம் குடித்ததாகத் தோன்றும். பிறகு அளவு குவளையில் சரியாக அரை லீற்றர் எடுத்து அடியுங்கள். கோட்டுக்குள் அரை லீற்றரும் முடிந்துவிட்டால் உங்கள் சுவர் 80 சதுர அடிச் சுவர். கொஞ்சம் மிச்சம் இருந்தால் நான் சொன்னதைவிட நல்ல சுவர்.

பதுளையிலிருந்து

பாஸ் தண்ணீர் கொஞ்சம் கூட்டிக் கலக்கினால் ஒரு லீற்றர் இன்னும் அதிக தூரம் போகிறதே, அதையும் கணக்கில் எடுக்கலாம் அல்லவா?

பண்டாரவளையிலிருந்து

போகும், ஆனால் சுவரில் நிற்கும் பெயின்ட் அதிகமாகாது, பூச்சுதான் மெலியும். டின்னில் எழுதியிருக்கும் அளவுக்குத் தண்ணீர் சேர்ப்பது சரியே. அதற்கு மேல் போனால் இரண்டு பூச்சில் மூட வேண்டிய சுவர் மூன்றாவது பூச்சைக் கேட்கும், அப்போது கூலியும் கூடும். எப்போதும் கணக்கைத் தண்ணீர் சேர்க்காத லீற்றரிலேயே வையுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து

எங்கள் லயத்துக் காம்பராவுக்கு இதே கணக்கைப் போட்டுத்தான் பெயின்ட் வாங்கினோம். லீற்றர் கணக்கு தவறவில்லை. ஆனால் சுவரில் பல வருடங்களாக ஒன்றின் மேல் ஒன்றாகச் சுண்ணாம்பு அடித்திருந்ததால், கையை வைத்துத் தேய்த்தாலே மாவு போல வெள்ளை ஒட்டியது. அதன் மேலேயே அடித்த எமல்ஷன் மழைக்காலம் முடிவதற்குள் தோல் உரிவது போல் உரிந்துவிட்டது. அடுத்த முறை வேறு பாஸ் வந்து, எல்லாவற்றையும் சுரண்டி, கழுவி, சீலர் அடித்த பிறகுதான் பெயின்டைத் திறந்தார். சதுர அடிக்கு அவர் சொன்ன கூலியில் சுரண்டும் வேலை அடங்கவில்லை. அதற்குத் தனியாக நாட்கூலி கொடுத்தோம். ஆகவே விலை கேட்கும்போதே சுரண்டுவதும் ஃபில்லர் வைத்துச் சேண்ட் பேப்பர் பிடிப்பதும் உள்ளே வருகிறதா என்று கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

நுவரெலியாவிலிருந்து

கூலியைப் பற்றி நான் சொல்கிறேன். எனக்குப் பாஸ் இரண்டு வழியில் விலை சொன்னார்: இரண்டு பூச்சுக்கும் சேர்த்துச் சதுர அடிக்கு 35 ரூபாய், அல்லது பாஸுக்கு 4,000, உதவியாளுக்கு 3,000 ஆக நாளொன்றுக்கு 7,000 ரூபாய். ஹட்டன் அண்ணனின் 1,188 சதுர அடியில் வைத்துப் பார்த்தால் முதல் வழி 41,580. ஆறு நாளில் முடித்தால் இரண்டாவது வழி 42,000. வேறுபாடு ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் எங்கள் ஊரில் மூடுபனி இறங்கினால், டின்னில் சில மணி நேரத்தில் அடுத்த பூச்சு அடிக்கலாம் என்று போட்டிருப்பது நடக்காது; விரலால் தொட்டால் மறுநாள் காலையிலும் ஒட்டும். ஆள்கள் வந்து காத்திருந்தால் எட்டு நாளாகி 56,000 ஆகிவிடும். ஈரக்காலத்தில் சதுர அடிக் கூலிதான் வீட்டுக்காரருக்குப் பாதுகாப்பு. ஆனால் அவசரப்பட்டுக் காயாத பூச்சின் மேல் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஹட்டனிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. அரை லீற்றர் சோதனையை ஹோலின் வெளிப்பக்கச் சுவரில் செய்தேன். கோடு முடிவதற்குச் சற்று முன்பே குவளை காலியாகிவிட்டது. அறையின் நடுச்சுவரில் கொஞ்சம் மிச்சமிருந்தது. ஆகவே 20 லீற்றர் வாளி ஒன்றும் 4 லீற்றர் டின் ஒன்றும் ஒரே நாளில், ஒரே தொகுதி எண்ணில் வாங்குகிறேன். பின்னால் வாங்கும் டின்னில் நிறம் சற்று மாறலாம் என்று கடைக்காரரும் சொன்னார். லீற்றருக்கு 1,600 ரூபாய் என்று பிடித்தால் 38,400 ரூபாய் ஆகிறது.

ஒரு விஷயத்தில்தான் பாஸுடன் இன்னும் உடன்பாடு வரவில்லை. கதவு, ஜன்னலைக் கழித்து 998 சதுர அடிக்கே கூலி தருவேன் என்கிறேன். அவர் கழிக்காமல் 1,188 கேட்கிறார். சதுர அடிக்கு 35 ரூபாய்ப்படி 6,650 ரூபாய் வித்தியாசம்.

பண்டாரவளையிலிருந்து

பெயின்டுக்குக் கழியுங்கள், கூலிக்குக் கழிக்காதீர்கள் என்பதே என் பக்கம். ஜன்னலின் ஓரத்தில் தூரிகையால் கோடு பிடிக்கும் நேரத்தில் அந்த ஜன்னல் அளவு சுவரையே ரோலரால் அடித்துவிடலாம்.

நுவரெலியாவிலிருந்து

சிறிய ஜன்னலுக்கு அது நியாயம். சுவரின் பாதியை எடுத்துக்கொள்ளும் பெரிய ஜன்னலுக்கும் முழுக் கூலி என்றால் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் பாஸ் அதை மட்டும் கழித்துக்கொண்டார்.