தைப்பூசத்துக்குப் பிறகு வந்த ரத்த ரிப்போர்ட்: உங்கள் அனுபவம் என்ன?

ஆயர் ஈத்தாம் அக்கா

என் தம்பிக்கு 31 வயது. இந்தத் தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்தான். 48 நாள் சைவ விரதம், நேர்த்திக்கடன். மேலே ஏறும்போது 513 படியும் அவன் பின்னாலேயே நான் போனேன். கடைசிப் படிகளில் அவன் தொடை நடுங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

மூன்றாம் நாள் புது வேலைக்காக மெடிக்கல் செக்கப். அன்றிரவு பதினொரு மணிக்கு ரிப்போர்ட் அவன் போனுக்கு வந்தது. ஏ.எஸ்.டி. 84, பக்கத்தில் தடித்த எழுத்தில், வரம்பைவிடக் கூடுதல் என்று காட்டும் ஒரு எச். ஏ.எல்.டி. 58, அதற்கும் ஒரு எச். லேப் போட்டிருந்த வரம்பு முறையே 40, 50. மேலே 'கல்லீரல் பரிசோதனை' என்று தலைப்பு. அப்புறம் எனக்கு எங்கே தூக்கம் வரும்? போனில் தேடினேன். ஏ.எல்.டி.யைவிட ஏ.எஸ்.டி. அதிகமாக இருந்தால் குடிப்பழக்கமாக இருக்கலாம் என்று படித்ததும், விடியற்காலையில் அவனை எழுப்பி "மறைக்காமல் சொல்லுடா, குடிக்கிறாயா?" என்று கேட்டுவிட்டேன். விரதம் இருந்து காவடி எடுத்த பையன். ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய்விட்டான்.

காலையில் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா தாளைப் பார்க்கும் முன்னாலேயே, "போன வாரம் உடம்புக்கு என்ன வேலை கொடுத்தீங்க?" என்று கேட்டார். காவடி என்றதும் தோள், தொடை எல்லாம் அழுத்திப் பார்த்தார், தம்பி முகம் சுளித்தான். சிறுநீர் நிறம் எப்படி என்று இரண்டு தடவை விசாரித்தார். வழக்கமான நிறம்தான் என்றான். ரிப்போர்ட்டில் சிறுநீரக எண்ணும் சரியாகவே இருந்தது. சி.கே. என்று ஒரே ஒரு டெஸ்ட் சேர்த்து எழுதினார். அது 1,640 வந்தது. வரம்பு 200 போல. "இது தசையிலிருந்து வந்தது. நன்றாகத் தண்ணீர் குடிக்கட்டும், பாரம் தூக்க வேண்டாம், பன்னிரண்டு நாள் கழித்து வாங்க" என்றார்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? ரிப்போர்ட் வந்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

செந்தூல் அண்ணன்

தங்கச்சி, இதற்கெல்லாம் பயப்படவே கூடாது. லேப் வரம்பு என்பது ஆரோக்கியமான நூறு பேரில் 95 பேருக்கு வரும் எண்ணை வைத்துப் போடுவது. மீதி ஐந்து பேர் நல்ல உடம்போடுதான் வெளியே நிற்கிறார்கள். இருபது டெஸ்ட் எடுத்தால் சராசரியாக ஒன்று வரம்புக்கு மேலேயோ கீழேயோ விழத்தான் செய்யும். நான் எச் பார்த்தால் தாளை மடித்து வைத்துவிடுவேன்.

பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற லேப் ஊழியர்

அண்ணன் சொன்ன 95 கணக்கு சரி. ஆனால் மடித்து வைப்பதை ஒப்புக்கொள்ள முடியாது. 40க்கு 43 வந்தால் அந்தக் கணக்கு பொருந்தும். 84 என்பது வரம்பைப்போல இரண்டு மடங்கு. அதற்குக் காரணம் ஒன்று இருக்கும், அதைக் கண்டுபிடிக்க வேண்டும். தம்பிக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான்.

முப்பது வருடம் இந்த மெஷின் பக்கத்தில் நின்றவன் என்பதால் சொல்கிறேன். 'கல்லீரல்' என்று தலைப்புப் போட்டாலும் ஏ.எஸ்.டி. என்ற நொதி கல்லீரலுக்கு மட்டும் சொந்தமில்லை. தசையில் நிறைய இருக்கிறது. ஏ.எல்.டி.யும் தசையில் கொஞ்சம் உண்டு. பாரம் தூக்கித் தசை நார் நைந்தால் இரண்டும் ரத்தத்துக்கு வந்துவிடும். அதனால் அந்த இரண்டு எண்ணோடு நிற்காமல் கீழே ஜி.ஜி.டி.யைப் பாருங்கள். அதுவும் கல்லீரல் எண்தான், ஆனால் தசையிலிருந்து வராது. குடியால் கெட்ட கல்லீரல் என்றால் பெரும்பாலும் அதுவும் ஏறியிருக்கும். தம்பிக்கு ஜி.ஜி.டி.யும் பிலிருபினும் எவ்வளவு?

ஆயர் ஈத்தாம் அக்கா

இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் அண்ணே. ஜி.ஜி.டி. 24, வரம்பு 60. பிலிருபின் 11, வரம்பு 21. அன்று இரவும் இரண்டும் அதே பக்கத்தில்தான் இருந்தன. எச் போட்ட இரண்டு வரியைத் தவிர வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை.

பிறை, இரண்டு பிள்ளைகளின் அம்மா

விரதம் இருந்தார் என்கிறீர்களே, வெறும் வயிற்றில்தானே ரத்தம் கொடுத்தார்? எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால்தான் ரிப்போர்ட் சரியாக வரும் என்று எங்கள் கிளினிக்கில் சொன்னார்கள்.

பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற லேப் ஊழியர்

அம்மா, அவர் இருந்தது சைவ விரதம். நீங்கள் சொல்வது சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் எடுக்கும்போது முக்கியம். தம்பியின் எண்கள் இப்படி ஏறியதற்கும் காலைச் சாப்பாட்டுக்கும் தொடர்பில்லை.

செராஸ் ஆசிரியை

என் கதை வேறு. பொட்டாசியம் 5.8 என்று வந்தது. இதயம் நின்றுவிடும் என்றெல்லாம் படித்து அழுதுவிட்டேன். மறுநாள் டாக்டர் ரிப்போர்ட்டின் அடியில் இருந்த சின்ன எழுத்தைக் காட்டினார். ரத்த அணுக்கள் உடைந்த மாதிரி, திரும்ப எடுக்கவும் என்று லேப்காரர்களே எழுதியிருக்கிறார்கள். அன்று நரம்பு கிடைக்காமல் கையை இறுகக் கட்டி, விரலை மூடித் திறக்கச் சொல்லி ரொம்ப நேரம் தேடினார்கள். டாக்டரைப் பார்த்த அதே நாள் மறுபடியும் எடுத்ததில் 4.3. இப்போதெல்லாம் அடியில் இருக்கும் குறிப்பைத்தான் முதலில் படிக்கிறேன்.

பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற லேப் ஊழியர்

டீச்சர், அதே நாளில் திரும்ப எடுத்தீர்களே, அதுதான் சரி. பொட்டாசியத்தில் மட்டும் 'அடுத்த மாதம் பார்க்கலாம்' என்று விடக் கூடாது.

பாயான் லெப்பாஸ் ஜிம்

அண்ணே, நான் வாரம் நான்கு நாள் பாரம் தூக்குகிறேன். இரண்டு வருடமாக ஏ.எல்.டி. 60 பக்கம்தான் நிற்கிறது. அப்படியானால் எனக்கும் தசைதானே?

பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற லேப் ஊழியர்

ஏ.எஸ்.டி., ஜி.ஜி.டி. எவ்வளவு? இடுப்புச் சுற்றளவு?

பாயான் லெப்பாஸ் ஜிம்

ஏ.எஸ்.டி. 38. ஜி.ஜி.டி. 71. இடுப்பு 39 அங்குலம்.

பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற லேப் ஊழியர்

தம்பி, இதை ஜிம் மேல் போட எனக்கு மனம் வரவில்லை. தசையென்றால் ஏ.எஸ்.டி.தான் முந்திக்கொண்டு ஏறும். உங்களுக்கு ஏ.எல்.டி. மட்டும் ஏறியிருக்கிறது, ஜி.ஜி.டி.யும் கூடுதல். கல்லீரலில் கொழுப்பாக இருக்கலாம், மஞ்சள் காமாலை பி கிருமியாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஒரு வாரம் ஜிம்முக்குப் போகாமல் இருந்து திரும்ப ரத்தம் கொடுங்கள், வயிற்று ஸ்கேனும் ஹெபடைடிஸ் டெஸ்டும் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

இன்னொன்று, எல்லோருக்கும். கடும் வேலைக்குப் பிறகு தசை வலியோடு சிறுநீர் தேயிலைத் தண்ணீர் நிறத்தில் போனால் பன்னிரண்டு நாள் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். டாக்டரம்மா இரண்டு தடவை கேட்டது அதற்காகத்தான். தசை அதிகமாக நைந்தால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

செந்தூல் அண்ணன்

சரி, மடித்து வைப்பது தப்புதான். போன வருடம் எனக்கும் ஜி.ஜி.டி.யில் ஒரு எச் இருந்தது. தாள் எங்கே என்று தேடுகிறேன்.

ஆயர் ஈத்தாம் அக்கா

இன்று பன்னிரண்டாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஏ.எஸ்.டி. 26. சி.கே. 170. ஏ.எல்.டி. மட்டும் 44, வரம்புக்குள்தான், ஆனால் மற்ற இரண்டும் இறங்கிய அளவுக்கு இறங்கவில்லை. அது ஏன் அண்ணே?

பட்டர்வொர்த், ஓய்வு பெற்ற லேப் ஊழியர்

ஏ.எல்.டி. ரத்தத்தை விட்டு மெதுவாகத்தான் போகும். ஏ.எஸ்.டி. ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும், இதற்கு இரண்டு நாள் பிடிக்கும். ஆனால் 44 அவருடைய வழக்கமான எண்ணாகவும் இருக்கலாம். காவடிக்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட் ஏதாவது வைத்திருக்கிறாரா?

ஆயர் ஈத்தாம் அக்கா

பழைய கம்பெனியில் எடுத்தது ஒன்று இருக்க வேண்டும். கேட்கிறேன். அன்று விடியற்காலையில் கேட்டதற்கு அவனிடம் மன்னிப்பும் கேட்டுவிட்டேன். "பரவாயில்லை அக்கா, நீ சாப்பிட்டாயா?" என்றான்.