ஸ்லீப் ஸ்பிண்டிலுக்குத் தமிழில் என்ன சொல்வது?

மாலதி, ஹட்டன்

எல்லோருக்கும் வணக்கம். சாதாரண தரப் பிள்ளைகளுக்காகத் தூக்கமும் ஞாபகமும் பற்றி ஒரு கைந்நூல் தயாரிக்கிறோம். ஒரு சொல்லில் வேலை நின்றுவிட்டது: ஸ்லீப் ஸ்பிண்டில். மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்யும் ஈஈஜி தாளில் நடு பருத்து இரு நுனியும் மெலிந்து தெரியும் சிறிய அலைத்தொடர். நூற்கும் கதிரின் வடிவம் என்பதால் அந்தப் பெயர் வந்தது. 1935இலேயே லூமிஸ் குழுவினர் இதை விவரித்துவிட்டார்கள். நான் ‘தூக்கக் கதிர்’ என்று எழுதியிருக்கிறேன். மூடிய கண்ணுக்குள் விழி வேகமாக ஓடும் ரெம் தூக்கத்துக்குக் ‘கனவுத் தூக்கம்’. இரண்டும் சரிதானா?

தேவராஜ், நுவரெலியா

டீச்சர், கதிர் என்றால் பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்காது. கனவு காணும் நேரத்தில் இந்த அலைகள்தான் பகலில் படித்ததை மூளையில் பதிக்கின்றன. ஆகவே ‘நினைவலை’ என்று வைக்கலாம். கேட்டதும் மனதில் நிற்கும்.

செல்வராணி, பதுளை

தம்பி தேவராஜ், ஞாபகத்தோடு தொடர்பு உண்டு என்பது சரி. ஆனால் கனவு நேரத்தில் இல்லை. நான் பல வருஷமாக ஈஈஜி எடுப்பவள். ரெம் தூக்கம் தொடங்கியதும் இந்த அலை தாளிலிருந்து போய்விடும். இது வருவது பெரும்பாலும் இரண்டாம் நிலைத் தூக்கத்தில், அரைத்தூக்கம் தாண்டி ஆள் நன்றாக அடங்கிய பிறகு.

எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்று சொன்னால் பெயர் வைக்கவும் உதவும். வினாடிக்கு 11 முதல் 16 தடவை ஏறி இறங்கும், குறைந்தது அரை வினாடி நீடிக்கும். சிறிதாகத் தொடங்கிப் பெருத்து மறுபடி சிறுத்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் இதை அல்ஃபா அலையோடு குழப்புவார்கள், ஏனென்றால் வேகம் கிட்டத்தட்ட ஒன்று. அல்ஃபா, விழித்திருந்து கண்ணை மூடியிருப்பவருக்குத் தலையின் பின்பக்கத்தில் தெரியும். இது உச்சந்தலைப் பக்கமும் முன்பக்கமும்தான் நன்றாகத் தெரியும். ஒரு பக்கம் ஒழுங்காக வந்து மறுபக்கம் வராமலே இருந்தால் டொக்டரிடம் குறித்துச் சொல்வோம், அந்தப் பக்க மூளையில் ஏதாவது இருக்கலாம்.

‘நினைவலை’ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம், அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறது. பழைய கதை எழுதுபவர்கள் எல்லோரும் அதைத்தான் தலைப்பாக வைக்கிறார்கள்.

ஆனால் மாலதி, ‘கதிர்’ என்பதும் எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளையின் தலையில் வயரை ஒட்டும்போதே “கதிர் ஏதும் பாய்ச்சுவீங்களா?” என்று தாய்மார் கேட்கிறார்கள். கதிர்வீச்சு, ஊடுகதிர் என்றுதான் அவர்கள் காதில் விழுந்திருக்கிறது. ஈஈஜி மூளையின் மின்சாரத்தைப் பதிவு செய்கிறதே தவிர உள்ளே எதையும் அனுப்புவதில்லை. அதைச் சொல்லிப் புரியவைத்த பிறகு, அறிக்கையில் கதிர் என்று இருந்தால் என்ன ஆகும்?

யோகன், பண்டாரவளை

எனக்குச் சொல்லைப் பற்றித் தெரியாது. தேயிலை பெக்டரியில் இரவு வேலை. விடிந்து வந்து லயத்தில் படுத்தால் பக்கத்து வீட்டு ரேடியோ, பிள்ளைகள் சத்தம். கனவே வருவதில்லை. அப்போ என் மூளையில் எதுவும் பதியவில்லையா?

செல்வராணி, பதுளை

அண்ணே, கனவு ஞாபகம் இல்லை என்பதால் கனவு வரவில்லை என்று ஆகாது. கனவின் நடுவில் விழித்தால்தான் பெரும்பாலும் ஞாபகம் இருக்கும். உங்கள் பிரச்சினை வேறு. பகல் வெளிச்சமும் சத்தமும் தூக்கத்தைக் குறுக்கிவிடும், அடிக்கடி கலைக்கும். சன்னலைத் தடித்த துணியால் மறைத்துப் பாருங்கள். வேலை நேரத்தில் கண் சொருகினால் டொக்டரிடம் போக வேண்டும்.

கந்தசாமி, ஹப்புத்தளை

ஓய்வு பெற்ற மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் சில வார்த்தைகள். மலையகத்தில் நாம் தூக்கம் என்கிறோம், யாழ்ப்பாணத்தில் நித்திரை. கைந்நூல் வடக்குக்கும் போகுமானால் ‘துயில்’ இருவருக்கும் பொது. ஆகவே ‘துயிற்கதிர்’.

கதிரைக் கைவிட வேண்டாம். தாவரவியல் பாடத்தில் முள்ளங்கியின் வேரைக் கதிர் வடிவம் என்றுதான் படிக்கிறார்கள். தண்டு அருகேயும் அடியிலும் மெலிந்து நடுவில் பருத்த வேர். நுவரெலியா முள்ளங்கித் தோட்டம் பார்க்காத பிள்ளை உண்டா? அந்தப் படத்தை அலைக்குப் பக்கத்தில் போட்டால் போதும். ‘கதிரலை’ மட்டும் வைத்துவிடாதீர்கள், அது ரேடாருக்கான ‘கதிரலைக் கும்பா’வில் போய் மாட்டிக்கொள்ளும்.

மாலதி, ஹட்டன்

ஐயா, ‘துயிற்கதிர்’ பிடித்திருக்கிறது. அக்கா சொன்ன பயத்துக்குத்தான் வழி தெரியவில்லை. ‘நூற்கதிர் அலை’ என்றால்?

இன்னொரு கேள்வி. எங்கள் பிள்ளைகள் நிறையப் பேர் பத்து மணிக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்து படிக்கிறார்கள். அம்மா கொழுந்துக்குப் போகச் சமைக்க எழும்பும் நேரத்தில் இவர்களையும் எழுப்பிவிடுகிறார்கள். இதில் எதை இழக்கிறார்கள் என்று சொல்ல முடியுமா?

செல்வராணி, பதுளை

முடியும். இரவுத் தூக்கம் ஏறக்குறைய 90 நிமிஷச் சுற்றுகளாகப் போகும். ஆழ்ந்த தூக்கம் முதல் சுற்றுகளில்தான் கூடுதல். ஆகவே மூன்று மணிக்கு எழுந்தாலும் அதில் பெரும்பகுதி கிடைத்துவிடும். பின்னிரவில் இரண்டாம் நிலையும் ரெம்மும்தான் நீண்டு வரும். ஐந்தரைக்கு எழ வேண்டிய பிள்ளை மூன்றுக்கு எழுந்தால் வெட்டுப்படுவது அந்தப் பகுதி. தூக்கத்தில் பாதி போகவில்லை, ஆனால் ரெம்மில் பெரும்பங்கு போய்விடும், இந்த அலைகளிலும் நிறையப் போகும்.

அலை என்ன செய்கிறது? மூளையின் நடுப்பகுதியில் இருக்கும் தாலமஸைச் சுற்றியுள்ள ஒரு மெல்லிய நரம்பணுப் படலம் இதைத் தொடக்கிவைக்க, தாலமஸுக்கும் மூளையின் மேற்பட்டைக்கும் இடையில் அது சுற்றிவருகிறது. ஒரு வினாடிக்கும் மேலாக நீளும் மெதுவான அலை ஒன்று மேலேறும் நேரத்தில் இது அதன் மேல் வந்து உட்காரும். இந்த அலைத்தொடருக்குள்ளேயே, புதிதாகப் படித்ததை முதலில் பிடித்துவைக்கும் ஹிப்போகாம்பஸில் மிகச் சிறிய அதிர்வுகள் எழும். அன்று படித்தது ஹிப்போகாம்பஸிலிருந்து மேற்பட்டைக்குப் போய்ச் சேர்வது இந்த மூன்றும் ஒரே நேரத்தில் பொருந்தும்போதுதான் என்று கருதுகிறார்கள். வயதானவர்களில் இந்தப் பொருத்தம் நழுவுகிறது. சுண்டெலிகளில் நேரம் பார்த்து இந்த அலையைத் தூண்டியபோது ஞாபகம் கூடியது, 2017இல் வந்த ஆய்வு. மனிதர்களில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அதனால்தான் வேலையை வைத்துப் பெயர் வைக்காமல் உருவத்தை வைத்து வைக்கச் சொல்கிறேன். உருவம் மாறாது.

தேவராஜ், நுவரெலியா

அக்கா, விளங்கிவிட்டது. அப்போ மனக்கவலை ஆறுவது ரெம்மில்தானே? சண்டை போட்டுப் படுத்தால் காலையில் கோபம் குறைந்திருக்கிறது.

செல்வராணி, பதுளை

அப்படி ஒரு கருத்து இருக்கிறது. ரெம் நேரத்தில் உணர்ச்சியைக் கையாளும் அமிக்டலா வேலை செய்கிறது, பதற்றத்தோடு வரும் நோரட்ரினலினோ மூளையில் மிகவும் குறைந்துவிடுகிறது. நடந்தது நினைவில் மறுபடி வந்தாலும் அதோடு வந்த படபடப்பு இல்லாமல் வருகிறது என்பார்கள். ஆனால் எல்லா ஆய்வும் ஒத்துப்போகவில்லை. சில ஆய்வுகளில் தூங்கி எழுந்த பிறகு கசப்பு அப்படியே இருந்திருக்கிறது. மண்சரிவு போன்றதில் மாட்டியவர்களுக்கு அதே காட்சி கெட்ட கனவாகத் திரும்பத் திரும்ப வருமே, அங்கே மனம் இப்படி ஆறுவது நடக்கவில்லை போலும்.

மாலதி, ‘கனவுத் தூக்கம்’ பேச்சுக்குச் சரி. மற்ற நிலைகளிலும் கனவு வருவதால் கைந்நூலில் ‘விழியசைவுத் தூக்கம்’ போடுங்கள். அந்த நேரம் மூடிய இமைக்குள் விழி ஓடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தாலே தெரியும்.

கந்தசாமி, ஹப்புத்தளை

‘விழியசைவுத் தூக்கம்’ எனக்கும் சம்மதம். ‘நூற்கதிர் அலை’ பற்றி மட்டும் ஒரு சோதனை. இந்த அலையில் மெதுவானது, வேகமானது என்று இரு வகை உண்டு. நிமிஷத்துக்கு எத்தனை வருகிறது என்பதை அடர்த்தி என்று கணக்கிடுகிறார்கள். ‘வேகத் துயிற்கதிர்’, ‘துயிற்கதிர் அடர்த்தி’ நாக்கில் வருகிறது. ‘நூற்கதிர் அலை அடர்த்தி’ இழுக்கிறது. அதோடு நூல் என்றால் பிள்ளைகளுக்குப் புத்தகமும்தான்.

செல்வராணி, பதுளை

ஐயா, புத்தகத்துக்குத் துயிற்கதிர் இருக்கட்டும். ஆஸ்பத்திரி அறிக்கையில் நான் ‘நூற்கதிர் அலை’ என்றுதான் எழுதுவேன். அந்தத் தாய்மாரிடம் பதில் சொல்ல வேண்டியவள் நான்.

மாலதி, ஹட்டன்

கைந்நூலில் ‘துயிற்கதிர்’ போட்டு, முதல் இடத்தில் மட்டும் “இது கதிர்வீச்சு அல்ல, நூற்கும் கதிரின் வடிவம்” என்று ஒரு வரி சேர்க்கிறேன். முள்ளங்கிப் படமும் வரும். அடுத்த வாரம் அச்சுக்குப் போகும் வரை மாற்றலாம். தசையில் இருக்கும் ஸ்பிண்டிலுக்கும் இதே கதிர் பொருந்துமா என்று யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.